"அனுப்பியாச்சு" என்றால் "கிடைச்சாச்சு" என்று அர்த்தமில்லை

"அப்பில போட்டனாங்கள். நீங்கள்தான் பார்க்கேல்ல."

இந்த வசனத்தைப் பாடசாலை அலுவலகத்திலும் ரியூசன் வாசலிலும் வங்கியிலும் இப்போது அடிக்கடி கேட்கிறோம். கேட்ட பெற்றோர் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். பல தடவைகளில் இது நியாயமில்லாத குற்றச்சாட்டு. ஒரு நோட்டிபிகேஷன் அனுப்பியவரின் சேர்வரில் இருந்து உங்கள் போனுக்கு வருவதற்குள் நாலு கைகள் மாறுகிறது. முதல் இரண்டு கைகளைத் தாண்டியது என்பது மட்டும்தான் அனுப்பியவருக்குத் தெரியும். மிச்ச இரண்டில் என்ன நடந்தது என்று தெரியாமலே "போட்டனாங்கள்" என்று சொல்கிறார்கள்.

இது சின்ன விசயம் இல்லை. 2024 நவம்பர் மழையை நாங்கள் மறந்திருக்க மாட்டோம். உயர்தரப் பரீட்சை 25ஆம் திகதி தொடங்கியது. அடுத்த நாளே, 27, 28, 29ஆம் திகதிகளில் பரீட்சை நடக்காது என்று பரீட்சைத் திணைக்களம் அறிவித்தது. பிறகு அந்த இடைநிறுத்தம் நீடிக்கப்பட்டு, டிசம்பர் 4ஆம் திகதி பரீட்சை மீண்டும் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் வீதி எது, வாய்க்கால் எது என்று தெரியாத நாட்கள் அவை. அப்படியான ஒரு இரவில், "நாளைக்குப் போகவேணுமா, இல்லையா" என்ற ஒரு வரிச் செய்தி ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி.

அந்தச் செய்தி வருகிற பாதையைப் பார்ப்போம்.

பாடசாலை ஒன்று தன் அறிவித்தல்களுக்கு ஒரு செயலி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சேர்வருக்கும் உங்கள் போனுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. உங்கள் போன் எந்த நேரமும் திறந்து வைத்திருப்பது ஒரேயொரு இணைப்பை மட்டும்தான். அன்ட்ரொய்ட் போன் என்றால் அது கூகுளுக்கு, ஐபோன் என்றால் அப்பிளுக்கு. உங்கள் போனில் நாற்பது செயலிகள் இருந்தாலும் நாற்பதுக்கும் வருகிற செய்திகள் அந்த ஒரு வாசலால்தான் உள்ளே வரவேண்டும். ஒவ்வொரு செயலியும் தனக்கென்று ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருந்தால் பட்டரி மத்தியானத்துக்கு முன்னம் செத்துப்போகும். அதனால்தான் இந்த ஏற்பாடு. அப்பிள் 2009இல் தொடங்கியது, கூகுள் 2010இல் தொடங்கியது. கூகுளின் சேவைக்கு 2016 முதல் Firebase Cloud Messaging என்று பெயர்.

முதலாவது கை, விலாசம். நீங்கள் செயலியைப் போட்டவுடன் கூகுள் உங்கள் போனுக்கு நீளமான ஒரு எழுத்துக்கோவையைக் கொடுக்கிறது. இதை டோக்கன் என்பார்கள். செயலி அதைப் பாடசாலையின் சேர்வருக்குச் சொல்கிறது. இனி உங்கள் விலாசம் அதுதான். உங்கள் பெயரோ தொலைபேசி இலக்கமோ இந்தப் பாதையில் விலாசம் இல்லை. செயலியை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் டோக்கன் மாறும். புதுப் போன் வாங்கினால் மாறும். ஒன்பது மாதம் (சரியாக 270 நாள்) தொடர்பே இல்லாமல் கிடந்த போனின் டோக்கன் காலாவதியாகிவிடும். பழைய விலாசத்துக்கு அனுப்பினால் கூகுள் UNREGISTERED என்று திருப்பிச் சொல்லும். அந்தப் பதிலைப் படித்து, இந்தப் பெற்றோரின் தொடர்பு அறுந்துவிட்டது என்று கண்டுகொள்ளும்படி செயலியை எழுதியவர் எழுதியிருக்கவேண்டும். எழுதாவிட்டால் அந்தப் பெற்றோர் பட்டியலில் இருக்கிறார், ஆனால் ஒரு செய்தியும் அவரை அடையாது.

இரண்டாவது கை, கூகுள். சேர்வர் செய்தியைக் கொடுக்கிறது, கூகுள் வாங்கிக்கொண்டு ஒரு இலக்கத்தைத் திருப்பித் தருகிறது. அதிபரின் திரையில் "அனுப்பப்பட்டது" என்று பச்சை நிறத்தில் தெரிவது இதைத்தான். தபாற்கந்தோரில் கடிதத்தைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குவது மாதிரி. பற்றுச்சீட்டு இருக்கிறது என்பதற்காகக் கடிதம் வீட்டுக்குப் போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை. செயலி என்றவுடன் மட்டும் சொல்கிறோம்.

மூன்றாவது கை, வழி. போன்தான் கூகுளை அழைத்து இணைப்பைத் திறந்து வைக்கிறது. பேச ஒன்றும் இல்லாத நேரத்தில் அந்த இணைப்பு மௌனமாகக் கிடக்கும். நடுவில் இருக்கிற வைஃபை ரவுட்டரும் தொலைபேசிக் கம்பனியின் கருவிகளும் நீண்ட நேரம் மௌனமாகக் கிடக்கிற இணைப்பை மறந்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் போன் இடைக்கிடை "நான் இருக்கிறேன்" என்று ஒரு சின்னத் துடிப்பை அனுப்புகிறது. துடிப்புக்கு முன்னமே ரவுட்டர் மறந்துவிட்டால்தான் சிக்கல். இணைப்பு இருக்கிறது என்று போன் நினைக்கும், கூகுளும் நினைக்கும். நடுவில் வழி இல்லை. அடுத்த துடிப்பில் போன் விழித்துக்கொண்டு புதிதாக இணையும்வரை ஒன்றும் வராது. பிறகு ஐந்தாறு செய்திகள் ஒரேயடியாக வந்து விழும். "என்ன, எல்லாம் ஒண்டாய் வருகுது" என்று நீங்கள் சொல்லியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

போன் நிறுத்திவைக்கப்பட்டிருந்தால், அல்லது டேட்டா இல்லாவிட்டால், கூகுள் செய்தியை வைத்திருக்கும். அனுப்பியவர் காலம் குறிப்பிடாவிட்டால் நாலு கிழமை வரை வைத்திருக்கும். அப்பிள் ஒரு செயலிக்குக் கடைசியாக வந்த ஒன்றை மட்டும் வைத்திருக்கும், அதற்கு முந்தியதைப் போட்டுவிடும்.

நாலாவது கை, உங்கள் போனேதான். எங்கள் ஊரில் அதிகமான செய்திகள் இங்கேதான் சாகின்றன என்பது என் எண்ணம். 2015இல் வந்த அன்ட்ரொய்ட் 6இல் இருந்து, திரை அணைந்து, சார்ஜில் போடாமல், அசையாமல் கிடக்கிற போன் தூங்கிவிடும். சாதாரண முன்னுரிமையோடு வருகிற செய்தி, போன் தானாக இடைக்கிடை விழிக்கும் வரை வாசலில் காத்திருக்கும். தூக்கம் நீள நீள அந்த விழிப்புகளுக்கு இடையிலான நேரமும் கூடும். உயர் முன்னுரிமையோடு வருகிற செய்தி மட்டும்தான் போனைத் தட்டி எழுப்பும்.

இதற்கு மேல், சில போன் கம்பனிகள் பட்டரியைச் சேமிக்கத் தங்கள் சொந்தக் கட்டுப்பாட்டையும் போட்டிருக்கின்றன. நீங்கள் அண்மையில் திறக்காத செயலியை அவை முழுதாக நிறுத்திவிடும். அப்படி நிறுத்திய செயலிக்கு, நீங்களாகத் திறக்கும்வரை கூகுள் வழியாக ஒன்றும் வராது. மாதத்துக்கு ஒருக்கால் திறக்கிற பாடசாலைச் செயலிதான் இதில் முதல் பலி. தினமும் ஐம்பது தரம் திறக்கிற பேஸ்புக்குக்கு ஒன்றும் ஆகாது. தேவையில்லாதது சத்தம்போட்டு வருகிறது, தேவையானது வருவதில்லை என்று சொல்கிறோமே, அதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

இன்னொன்று, 2022இல் வந்த அன்ட்ரொய்ட் 13 முதல், புதிதாகப் போடுகிற செயலி "நோட்டிபிகேஷன் அனுப்பலாமா" என்று உங்களிடம் அனுமதி கேட்கவேண்டும். அவசரத்தில் "வேண்டாம்" என்று அமத்தினால் கதை முடிந்தது. எல்லாக் கைகளும் தாண்டி வந்த செய்தி உங்கள் கண்ணுக்கு முன்னால் நின்று திரும்பிப் போகும்.

இப்போது 26ஆம் திகதி இரவுக்கு வருவோம். உரும்பிராயில் ஒரு வீட்டைக் கற்பனை செய்யுங்கள். இரவு 7 மணிக்குப் பாடசாலைச் செயலி எல்லாருக்கும் அனுப்புகிறது: "நாளை பரீட்சை நடைபெறாது."

வீட்டில் கரண்ட் இல்லை, அதனால் ரவுட்டரும் இல்லை. தாயின் போனில் டேட்டா முடிந்துவிட்டது. செய்தி கூகுளில் காத்திருக்கிறது. தகப்பனின் போனில் டேட்டா இருக்கிறது, ஆனால் அந்தச் செயலியை அவர் திறந்து இரண்டு மாதம். போன் அதை எப்போதோ நிறுத்திவிட்டது. அவருக்கும் இல்லை. பரீட்சை எழுதுகிற பிள்ளையின் போன், படிப்புக் கெடக்கூடாது என்று அணைத்து அலுமாரிக்குள் கிடக்கிறது. அதே செயலியைப் பொழுதுபோக்குக்குப் போட்டு வைத்திருக்கிற கனடா மாமாவுக்கு மட்டும் ஒரு செக்கனில் போய்விட்டது. அங்கே கரண்டும் இருக்கிறது, நல்ல வழியும் இருக்கிறது. மாமா அழைத்துச் சொன்னால்தான் இங்கே தெரியும்.

இதைவிட மோசமானது பிறகு வரும். தாய் டிசம்பர் 3ஆம் திகதி பின்னேரம் ரீலோட் போடுகிறார். டேட்டா வந்த அடுத்த நிமிடம் போன் கத்துகிறது: "நாளை பரீட்சை நடைபெறாது."

நாளை டிசம்பர் 4. பரீட்சை மீண்டும் தொடங்குகிற நாள்.

இதில் கூகுள் பிழை விடவில்லை. நாலு கிழமை வரை வைத்திரு என்றதைச் செய்தது. போனும் பிழை விடவில்லை. செய்தியில் "நாளை" என்று எழுதியதும், அந்தச் செய்தி எப்போது செத்துப்போகவேண்டும் என்று சொல்லாததும்தான் பிழை. வராத செய்தியைவிட, பிந்தி வந்து உண்மை மாதிரி நிற்கிற செய்தி ஆபத்தானது. வராவிட்டால் நாலு பேரிடம் விசாரிப்போம். வந்துவிட்டால் யார் விசாரிக்கப் போகிறார்கள்?

"அப்படியென்றால் தொழுகை நேரச் செயலி எப்படிப் பிசகாமல் அதான் சொல்கிறது?" என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அது பெரும்பாலும் எங்கிருந்தும் வருவதில்லை. நேரங்களைப் போனே கணக்குப் பார்த்து, மணிக்கூட்டில் அலாரம் வைப்பது மாதிரி வைத்துக்கொள்கிறது. டேட்டா இல்லாவிட்டாலும் சத்தம் போடும். திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனால் ஒன்று வீட்டுக்குள் இருக்கிற மணிக்கூடு, மற்றது வெளியில் இருந்து வரவேண்டிய ஆள். ஒன்று ஒழுங்காக வேலை செய்கிறது என்பதை வைத்து மற்றதை நம்பமுடியாது.

உங்கள் போனில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. எந்தச் செயலிக்கும் ஒன்றும் வரவில்லை, வைஃபையை அணைத்து டேட்டாவுக்கு மாறியவுடன் கொட்டுகிறது என்றால் பிழை வழியில், பெரும்பாலும் ரவுட்டரில். மற்றதெல்லாம் வருகிறது, ஒரு செயலிக்கு மட்டும் வரவில்லை, அதைத் திறந்தவுடன் வருகிறது என்றால் போன் அதை நிறுத்தி வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பட்டரிப் பகுதிக்குப் போய் Unrestricted என்று மாற்றுங்கள். சில போன்களில் Autostart என்று இன்னொரு ஆளி இருக்கும், அதையும் போடுங்கள். செயலியைத் திறந்தாலும், அதற்குள் அறிவித்தல் இருந்தும், நோட்டிபிகேஷன் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை என்றால் முதலில் அனுமதியைப் பாருங்கள். அனுமதி சரியென்றால் டோக்கன் பழையதாக இருக்கலாம். செயலியில் இருந்து வெளியேறித் திரும்ப உள்நுழையுங்கள், அதற்கும் சரிவராவிட்டால் அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பல அன்ட்ரொய்ட் போன்களில் அழைப்பு எண் அடிக்கும் இடத்தில் `*#*#426#*#*` என்று அடித்தால் கூகுளோடு இணைப்பு இருக்கிறதா என்று காட்டும் பக்கம் திறக்கும். `mtalk.google.com` என்ற பெயருக்குப் பக்கத்தில் Connected என்று இருந்தால் மூன்றாவது கை சரி.

ஆனால் இதையெல்லாம் பெற்றோர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது சரியில்லை. கூலிக்குப் போய் வருகிற தகப்பனும் வெங்காயத் தோட்டத்தில் நிற்கிற தாயும் பட்டரி செட்டிங்ஸ் படித்துவிட்டு வரவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கக்கூடாது. அறிவிக்கிற பொறுப்பு அறிவிக்கிறவருடையது. அதனால் பாடசாலைகளுக்கும் ரியூசன் நடத்துகிறவர்களுக்கும் சங்கங்களுக்கும் மூன்று விசயம் சொல்கிறேன்.

முதலாவது, "நாளை", "இன்று" என்று எழுதாதீர்கள். திகதி போடுங்கள். செயலி செய்து தருகிற தம்பி தங்கைகளிடம், செய்திக்கு ஆயுள் வைக்கச் சொல்லுங்கள். அது இந்த இரண்டு வரிதான்:

```
"android": { "priority": "high",
             "ttl": "43200s" }
```

முதல் வரி தூங்குகிற போனைத் தட்டி எழுப்பும். இரண்டாவது வரி, 12 மணித்தியாலத்துக்குப் பிறகும் கொடுக்க முடியாவிட்டால் எறிந்துவிடு என்று சொல்லும். இரவு 7 மணிக்கு அனுப்பியது காலை 7 மணிக்குப் பிறகு யாருக்கும் போகாது. ஐபோனுக்கும் இதே மாதிரி `apns-expiration` என்று ஒன்று இருக்கிறது. உயர் முன்னுரிமையை நிகழ்ச்சி அழைப்புக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் பாவிக்காதீர்கள். உயர் முன்னுரிமையோடு அனுப்புகிறவை திரையில் நோட்டிபிகேஷனாகத் தெரியாமலே போய்க்கொண்டிருந்தால், உங்கள் செய்திகளின் முன்னுரிமையைக் கூகுளே பிறகு குறைக்கலாம்.

இரண்டாவது, அவசர அறிவித்தலுக்கு எஸ்எம்எஸ்ஸும் போகவேண்டும். அதுவும் நூறு வீதம் நிச்சயமில்லை. ஆனால் அதற்கு டேட்டா வேண்டாம், டோக்கன் வேண்டாம், செயலி வேண்டாம், பட்டன் போனிலும் வரும். போன் அணைந்திருந்தால் கம்பனி வைத்திருந்து திரும்பத் திரும்ப முயலும். "காசு முடியுமே" என்பார்கள். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான், கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. ஆனாலும் போதும்: "நவ.27-29 உயர்தரப் பரீட்சை இல்லை. சந்தேகமெனில் பாடசாலையை அழைக்கவும்." எண்ணிப் பாருங்கள், 67 குறி, ஒரே எஸ்எம்எஸ். ஆண்டுக்கு நாலைந்து தரம் இப்படி அனுப்பப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தால் முடியாதா?

மூன்றாவது, போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். இதற்கு வட்ஸ்அப் உண்மையில் நல்ல வழி. ஒரு சரி அடையாளம் என்றால் வட்ஸ்அப் சேர்வர் வரை போயிருக்கிறது. இரண்டு என்றால் போனுக்குப் போயிருக்கிறது. குழுமத்தில் அந்தச் செய்தியை அமத்திப் பிடித்து Info பார்த்தால் யார் யாருக்குப் போயிருக்கிறது என்று பெயரோடு காட்டும். 40 பேர் உள்ள வகுப்பில் ஏழு பேருக்குப் போகவில்லை என்றால், ஏழு அழைப்பு எடுத்தால் போதும். அழைத்தும் கிடைக்காத வீட்டுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிவிடலாம். "எல்லாருக்கும் போட்டனாங்கள்" என்பதற்கும் "இந்த ஏழு பேரைத் தவிர எல்லாருக்கும் போயிட்டுது" என்பதற்கும் இடையில்தான் பொறுப்பு இருக்கிறது.

"பெற்றோரும் கவனமாக இருக்கவேண்டாமா?" என்று என் சக ஆசிரியர்கள் கேட்பார்கள். கட்டாயம் இருக்கவேண்டும். வகுப்புக் குழுமத்தை மியூட் பண்ணி ஒதுக்கி வைத்துவிட்டு வரவில்லை என்று சொல்கிற பெற்றோரும் இருக்கிறார்கள்தான். ஆனால் அவர் மியூட் பண்ணியதற்கு, அந்தக் குழுமத்தில் தினமும் வருகிற நூறு காலை வணக்கமும் ஒரு காரணம். அறிவித்தலுக்கு என்று தனிக் குழுமம் வைத்து, அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றுங்கள். மாதத்துக்கு நாலு செய்தி வருகிற குழுமத்தை யாரும் மியூட் பண்ணுவதில்லை.

புயல், வெள்ளம் என்று வந்தால் இந்தச் செயலிகளையும் இந்தப் பதிவையும் நம்பி இருக்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பட்டரியில் ஓடுகிற ஒரு வானொலியும் வீட்டில் இருக்கட்டும். இந்தியாவில் 2023 முதல், கோபுரத்தில் இருந்து அந்தப் பகுதியில் உள்ள எல்லாப் போனுக்கும் ஒரேயடியாக எச்சரிக்கை போகிற முறையைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். அதற்கு இலக்கப் பட்டியலும் வேண்டாம், டோக்கனும் வேண்டாம். அப்படி ஒன்று எங்கள் ஊர்ப் போன்களிலும் தமிழில் ஒலிக்கவேண்டும் என்று நாங்கள் கேட்கவேண்டும்.

அதுவரைக்கும் ஒரு வேலை. உங்கள் பிள்ளையின் பாடசாலைச் செயலியை இப்போதே ஒருக்கால் திறந்து, கடைசி அறிவித்தல் எந்தத் திகதி என்று பாருங்கள். அதற்கு உங்களுக்கு நோட்டிபிகேஷன் வந்ததா? வரவில்லை என்றால் மேலே சொன்னவற்றில் எது உங்கள் போனுக்குப் பொருந்துகிறது என்று கொமென்டில் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதிபரிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: "சேர், எத்தனை பேருக்கு அனுப்பினீங்கள் என்று தெரியும். எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது?"